கழற்றிய தேர்தல் பிளெக்ஸை என்ன செய்வது? காயலான் கடையிலும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்

வைகைக்கரை

வணக்கம். எங்கள் பேரூராட்சியில் மக்காத குப்பையைப் பிரிக்கிற வேலையை எங்கள் மகளிர் குழு பார்க்கிறது. தேர்தல் தேதி அறிவித்த அன்று ராத்திரியே பேனர் இறக்க ஆரம்பித்தார்கள். அரசு இடத்தில் இருப்பதை 24 மணி நேரத்தில், பஸ் ஸ்டாண்டு, மின்கம்பம் போன்ற பொது இடத்தில் இருப்பதை 48 மணி நேரத்தில், அனுமதியில்லாமல் தனியார் சுவரில் இருப்பதை 72 மணி நேரத்தில் எடுக்க வேண்டும் என்று கணக்கு. அவசரத்தில் பிளேடால் கிழித்து வண்டியில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் கிடங்கில் தள்ளினார்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் இன்னொரு சுற்று வந்தது.

இப்போது இருப்பது தோராயமாக 6-க்கு 4 அடியில் 300, 10-க்கு 8 அடியில் 40. அடியில் கிடப்பது நனைந்து சேறாக இருக்கிறது, மேலே இருப்பது நன்றாகவே இருக்கிறது. காயலான் கடைக்காரர் பால் கவர் எடுக்கிறார், நாற்காலி எடுக்கிறார், இதைத் தொடவே மாட்டேன் என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பலாம் என்கிறார், இன்னொருவர் தார் ரோட்டில் கலக்கலாம் என்கிறார். தையல் படித்த எங்கள் பெண்கள் பை தைக்கலாம் என்கிறார்கள். எது நடக்கக்கூடியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போஸ்டரும் ஒரு மூட்டை இருக்கிறது.

---

நான்குவழிச்சாலை

அக்கா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் சார் கண்டுபிடித்த முறை உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கைப் பொடிப்பொடியாக வெட்டி, சூடான ஜல்லியில் தூவினால் உருகி ஜல்லிமேல் படிந்துவிடும். அதன்மேல் தார் ஊற்றினால் ரோடு தண்ணீருக்குத் தாங்கும். பேரூராட்சி ரோடு போடும் ஒப்பந்ததாரரிடம் வெட்டிக் கொடுத்துவிடுங்கள், கிடங்கு காலி.

---

உருக்குப்பட்டறை

நான்குவழிச்சாலை, முறையைச் சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் பிளெக்ஸ் என்பது பிவிசி, அந்த முறையிலேயே பிவிசிக்கு இடம் கிடையாது. பிளாஸ்டிக் ரோட்டுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-ல் போட்ட வழிகாட்டியிலேயே பிவிசியைச் சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. கேரி பை, பால் கவர், கப் மாதிரியானவைதான் அதில் போகும்.

காரணம் சொல்கிறேன். நான் பிவிசி குழாய், ஹோஸ் கம்பெனிகளில் மிக்சிங் பக்கம் வேலை பார்த்தவன். ஜல்லி 160, 170 டிகிரி சூட்டில் இருக்கும். பால் கவர் அந்தச் சூட்டில் இளகுமே தவிர சிதையாது. பிவிசியில் எடைக்குப் பாதிக்குமேல் குளோரின் இருக்கிறது. அதைப் பதப்படுத்தவே 160-லிருந்து 190 டிகிரி வேண்டும், அந்த எல்லையில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி விட ஆரம்பிக்கும். எங்கள் மெஷினில் அதற்கென்று ஸ்டெபிலைசர் போட்டு, நிமிடக்கணக்கு பார்த்து ஓட்டுவோம். திறந்த ஜல்லிப் பிளாண்ட்டில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. முதலில் அந்த ஆவியைச் சுவாசிப்பவர் ஜல்லி கிளறுகிற தொழிலாளிதான்.

வந்திருப்பது பிவிசிதானா என்று சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியில் பார்க்கலாம். பழைய வயரை உரித்து, கம்பி நுனியை அடுப்புத் தீயில் பழுக்கக் காய்ச்சுங்கள். சூட்டோடு தாளின் ஓரத்தில் ஒரு தொடு, திரும்பத் தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. திறந்த இடத்தில், ஒரு தொடு மட்டும் போதும். அடுப்பு வேண்டாம் என்றால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பிவிசி மூழ்கும், பாலித்தீன் மிதக்கும்.

அடுத்து எடை. உங்கள் கணக்குப்படி 6-க்கு 4-ல் 300 என்றால் 7,200 சதுர அடி. 10-க்கு 8-ல் 40 என்றால் 3,200. மொத்தம் 10,400. சாதாரண பிரண்ட்லிட் பிளெக்ஸ் சதுர மீட்டருக்கு 280 கிராம் பக்கம் வரும், அதாவது சதுர அடிக்கு 26 கிராம். ஆக உங்களிடம் இருப்பது சுமார் 270 கிலோ. பார்ப்பதற்கு மலை மாதிரி இருந்தாலும் எடையில் கால் டன்தான். இந்த எண்ணை மனதில் வையுங்கள், மறுசுழற்சி பற்றிப் பேசும்போது இதுதான் குறுக்கே வரும்.

---

மேலமாசி

எங்கள் தெருமுனையில் இன்னும் ஒரு கட்சி பேனர் அப்படியே இருக்கிறது. காற்றடித்தால் ஆடுகிறது. 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன பெண் லாரியில் அடிபட்டு இறந்தது நினைவிருக்கிறதா? யாரிடம் புகார் கொடுப்பது?

---

ரீப்பர்கட்டை

மேலமாசி, இந்த இழை கழற்றியதை என்ன செய்வது என்பதற்கு. ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பேனரின் கீழ் மூலையைப் போட்டோ எடுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ. அந்தப் போட்டோவோடு உங்கள் மாநகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுங்கள். பெயர் இருந்தால் எடுக்க வைப்பது எளிது.

வைகைக்கரை அக்கா, நான் பிளெக்ஸ் கட்டுகிற தொழில். உங்களுக்கு வந்த சரக்கு பாழானதற்குக் காரணம் பிளேடு. எங்கள் ஆட்கள் இறக்கும்போது அப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் எங்களுக்கு ரீப்பர் வேண்டும். ரீப்பர் சட்டம், சவுக்குக் கொம்பு, இரும்பு பிரேம் எல்லாம் அடுத்த வேலைக்கு ஆகும், அதற்காக ஆணியைப் பிடுங்கி நிதானமாக எடுப்போம். தாள் மட்டும் யாருக்கும் வேண்டாத பொருள், அதனால் அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். தேர்தலில் பேரூராட்சி ஆட்கள் இறக்கும்போது நேரம் இல்லை, சுற்றி ஒரு கிழி, இழு, வண்டியில் போடு. நடுவில் கிழிந்த தாளில் ஒரு வேலையும் செய்ய முடியாது. ஓரத்தில் ஆணியடித்த இரண்டு அங்குலத்தை மட்டும் விட்டுவிட்டு அறுத்தால் முழுத் தாளும் நிற்கும். அதே ஆளுக்கு அதே நேரம்தான் ஆகும், எங்கே அறுப்பது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

இப்போது இருப்பதில் செய்ய வேண்டியது: முதலில் முதுகைப் பாருங்கள். முதுகு வெள்ளையாக இருப்பது சாதாரணம். கறுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் பிளாக்பேக். அது கனமும் கூட, வெயிலும் அவ்வளவாக ஊடுருவாது. பெரிய தலைவர் வருகிற மேடைக்குப் பின்னால் கட்டுவது பெரும்பாலும் அதுதான். அதைத் தனியே எடுங்கள். நல்ல தாளை மடிக்காதீர்கள். மடித்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். காயவைத்து, ஒரு குழாய் வைத்து உருட்டி வையுங்கள்.

---

கோழிப்பண்ணை

நாங்கள் போன சட்டமன்றத் தேர்தல் முடிந்ததும் பத்துப் பதினைந்து பெரிய பிளெக்ஸ் வாங்கிவந்து செட்டின் பக்கவாட்டில் படுதாவாகக் கட்டினோம். காசு கொடுத்து வாங்கும் படுதாவைவிட மிச்சம் என்றுதான். மழைக்கு நன்றாக இருந்தது. அடுத்த கோடை முடிவதற்குள் மொடமொடவென்று ஆகி, ஏற்றி இறக்கும் இடத்தில் எல்லாம் வெடித்து, வெள்ளைச் செதில் செதிலாக உதிர்ந்தது. கோழி எருவிலும் கலந்துவிட்டது. எருவை விலைக்கு வாங்குகிறவர் பார்த்துவிட்டுத் திட்டினார். எந்தப் பக்கத்தை வெளியே வைத்திருக்க வேண்டும்? பிளாக்பேக் என்றால் தாங்குமா?

---

உருக்குப்பட்டறை

கோழிப்பண்ணை அண்ணே, பிவிசி பிசின் தனியாக இருந்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பாக இருக்கும். அதைத் துணி மாதிரி தொங்க வைப்பது உள்ளே கலக்கிற எண்ணெய்தான், பிளாஸ்டிசைசர் என்போம். அது பிசினோடு வேதியியல் முறையில் ஒட்டிக்கொள்வதில்லை, இடையில் நின்றுகொண்டிருக்கும். வெயிலில் மெதுவாக வெளியே வந்துவிடும். அது போகப் போகத் தாள் திரும்ப விறைக்கும். விளம்பரத் தாளைச் சில மாதம் தாங்கினால் போதும் என்றே செய்கிறார்கள், சுண்ணாம்புத் தூளும் நிறையக் கலந்திருப்பார்கள். நீங்கள் பார்த்த வெள்ளைச் செதிலில் பெரும்பகுதி அந்தச் சுண்ணாம்பும் பிசினும்தான்.

இன்னொரு விஷயம் ஓரம். பிளெக்ஸ் என்பது இரண்டு பிவிசி படலத்துக்கு நடுவே பாலியஸ்டர் நூல்வலை. மூலையைக் கிழித்துப் பாருங்கள், நூல் தெரியும். வெட்டிய ஓரத்தில் அந்த நூல் விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது மாதிரி மழைத் தண்ணீரை உள்ளே இழுக்கும். உள்ளே பூஞ்சை கட்டி, இரண்டு படலமும் பிரிந்து வரும். அதனால் எதற்குப் பயன்படுத்தினாலும் ஓரத்தை ஒன்றரை அங்குலம் மடித்து ஒட்ட வேண்டும். பேனர் கடையில் பேஸ்டிங் செய்துதருவார்கள், இல்லையென்றால் பிவிசி குழாய்க்குப் போடுகிற சொல்யூஷனே பிடிக்கும். அதைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

பிளாக்பேக் கூடுதலாகத் தாங்கும், கறுப்பு முதுகு வெயில் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. கறுப்புக்குப் போடும் கார்பன் புறஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் சூடேறும். கோழி செட்டுக்கு அது ஒத்துவருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். என் யோசனை, தினமும் ஏற்றி இறக்குகிற இடத்தில் வேண்டாம். ஓட்டுக்கு அடியில், ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில், விறகு அடுக்கின்மேல், நேர் வெயில் படாமல், அசையாமல் கிடக்கிற இடத்தில் போடுங்கள். அங்கே பல வருடம் கிடக்கும். வெளியில் என்றால் ஒரு பருவம்தான். விரல் நகத்தால் சுரண்டினால் மாவு வருகிறதா, மடித்துப் பிடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று வந்துவிட்டாலும் உதிர்வதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

தானியம், தீவனம், குடிநீர், மீன் குட்டை இவற்றுக்கு வேண்டாம்.

---

நெல்களம்

அதென்ன தானியத்துக்கு வேண்டாம் என்று ஒரே போடாகப் போடுகிறீர்கள்? எங்கள் ஊரில் களம் கிடையாது, ரோட்டில்தான் காய வைக்கிறோம். தார்ப்பாய் விற்கிற விலையில் சிறு விவசாயி எத்தனை வாங்க முடியும்? தேர்தல் முடிந்ததும் கிடைக்கிற பிளெக்ஸ்தான் எங்களுக்கு வரம். திடீர் மழைக்கு நெல்லை மூடுவதும் அதால்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

---

உருக்குப்பட்டறை

உங்கள் நிலைமை புரிகிறது. மழைக்கு மேலே மூடுவதையும் வெயிலில் கீழே விரிப்பதையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. மூடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் படும். விரித்துக் காயவைக்கும்போது தாள் தரையின் சூட்டில் கிடக்கும், நீங்கள் காலால் கிளறுவீர்கள், பலகையால் தள்ளுவீர்கள், மை உராய்ந்து வரும், பழைய தாளென்றால் செதிலும் வரும். நெல்லுக்கு உமி இருக்கிறது, அது ஓரளவு காப்பு. நிலக்கடலை, எள், கொப்பரை, மிளகாய் இவற்றை மட்டும் தயவுசெய்து விரிக்காதீர்கள். நான் சொன்ன பிளாஸ்டிசைசர் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய் உள்ள பொருள் அதை இழுத்துக்கொள்ளும். மலிவான தாளில் ஈயம் கலந்த ஸ்டெபிலைசர் இருந்தாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

---

நெல்களம்

கடலை, எள்ளுக்குச் சொன்னதை எங்கள் குழுவில் சொல்கிறேன். நெல் விஷயத்தில் மாற்று கொடுக்காமல் நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேரூராட்சி ஒரு சிமெண்ட் களம் போட்டுத் தரட்டும், நாளைக்கே விட்டுவிடுகிறோம்.

---

தையல்மிஷின்

பை பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் தைத்திருக்கிறோம், அதனால் நடைமுறையைச் சொல்கிறேன்.

16 அங்குல அகலம், 14 அங்குல உயரத்தில் ஒரு கடைப் பைக்கு அடிப்பாகம், மடிப்பு, கைப்பிடி எல்லாம் சேர்த்து நாலரை சதுர அடி தேவைப்படும். உங்களிடம் 10,400 சதுர அடி. முழுதும் நல்லதாக இருந்தால் 2,300 பை. கிழிசல், ஆணி ஓட்டை, சேறு என்று மூன்றில் ஒரு பங்கு போனால் 1,500 பை. தைப்பது பெரிய வேலையில்லை. 18-ம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையலை நீளமாக வைக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகளே தபால்தலை மாதிரி கிழிந்துவிடும். பிரஷர் புட் தாளில் ஒட்டிக்கொண்டு நகராது, அதற்கு டெப்லான் புட் போட்டால் ஓடும்.

சிக்கல் விற்பனையில். 1,500 பையை யார் வாங்குவார்கள்? தலைவர் முகம் தெரிகிற பையை அந்தக் கட்சிக்காரரும் வாங்க மாட்டார், காய்கறிப் பையில் தலைவர் படமா என்று சண்டைக்கே வந்தார்கள். எதிர்க்கட்சிக்காரரைக் கேட்கவே வேண்டாம். அதனால் அச்சுப் பக்கத்தை உள்ளே வைத்து வெள்ளை முதுகு வெளியே வருகிறமாதிரி தைத்தோம். அப்போது மை உள்ளே வைக்கிற பொருளில் படும், காய்கறிக்குக் கொடுக்க எங்களுக்கே சங்கடமாக இருந்தது. கடைசியில் எலக்ட்ரீஷியன், பிளம்பர் சாமான் பை, பைக் சீட் உறை, செருப்புப் பை என்று மாற்றினோம். அதற்கு ஆள் இருந்தது, ஆனால் ஊருக்கு இருநூறு முன்னூறு தாண்டவில்லை.

கழுவுவதற்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். முகத்தை அழிக்கிறேன் என்று தின்னரோ பெட்ரோலோ தொடாதீர்கள், மை இளகிக் கையெல்லாம் ஒட்டும், தாளும் விறைக்கும்.

---

சுண்ணாம்புக்கல்

சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவது பற்றி. நான் ஆலையின் மாற்று எரிபொருள் பக்கம் இருக்கிறேன். எரியும் குப்பையை வாங்குகிறோம், உண்மை. ஆனால் வண்டி வந்ததும் முதலில் பார்ப்பதே குளோரின்தான், நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. சுத்த பிவிசி பிசினில் நூற்றுக்கு 57 பங்கு குளோரின். உங்கள் தாளில் நூல், எண்ணெய், சுண்ணாம்பு எல்லாம் போக எடையில் பாதிதான் பிசின் என்று வைத்தாலும் 28 வரும். மீதிக் குப்பையில் குளோரினே இல்லையென்றாலும் 27 கிலோவுக்கு ஒரு கிலோ பிளெக்ஸ்கூடக் கலக்க முடியாது. மீதிக் குப்பையும் அப்படிச் சுத்தமாக வருவதில்லை, உப்பு, சமையல் கழிவு எல்லாம் இருக்கும்.

சூளையின் சூட்டுக்கு பிவிசி முழுதாகச் சிதைந்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. வெளிவந்த குளோரின் சோடியம், பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாவியாக மேலே போகும். மேலே பிரீஹீட்டர் சைக்ளோனில் சூடு குறைந்ததும் சுவரில் படியும், மேலிருந்து வரும் சுண்ணாம்புக்கல் மாவோடு திரும்பக் கீழே இறங்கும், மறுபடி ஆவியாகும். இப்படிச் சுற்றிச் சுற்றிச் சேர்ந்து கல்லாகி அடைத்துவிடும். ஒரு அடைப்புக்குச் சூளையையே நிறுத்த வேண்டியிருக்கும். அதனால்தான் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். பிளெக்ஸை மற்ற மூட்டைக்குள் மறைத்து அனுப்பினால் உங்கள் பேரூராட்சியின் நல்ல சரக்கையும் அடுத்த முறை வாங்க மாட்டார்கள். தெரிந்தே அதைச் செய்யாதீர்கள்.

---

நான்குவழிச்சாலை

ரோட்டிலும் வேண்டாம், சூளையிலும் வேண்டாம் என்றால் அதே பிவிசி குழாய்க் கம்பெனிக்குக் கொடுத்து உருக்கிக் குழாயாக்க வேண்டியதுதானே? உடைந்த குழாயை வாங்குகிறார்களே.

---

உருக்குப்பட்டறை

நல்ல கேள்வி, இதுதான் விஷயத்தின் முடிச்சு. உடைந்த குழாயில் நூல் கிடையாது, எண்ணெயும் கிடையாது. பிளெக்ஸில் பிவிசி இளகுகிற சூட்டில் உள்ளே இருக்கும் பாலியஸ்டர் நூல் அப்படியே நிற்கும். அது உருக 255 டிகிரி பக்கம் வேண்டும். அந்தச் சூட்டுக்குப் போனால் பிவிசி கருகி அமிலம் கக்கும். ஆகவே இரண்டையும் ஒன்றாக உருக்க வழியே இல்லை. அப்படியே அரைத்து மெஷினில் விட்டால் நூல் பஞ்சுபோல் திரண்டு மெஷினின் வடிகட்டி வலையை அடைக்கும்.

பிரித்தால்தான் ஆகும். இத்தாலியில் பெராரா என்ற ஊரில் சால்வே கம்பெனி 2002-ல் வினைலூப் என்று ஒரு ஆலை போட்டது. பிளெக்ஸ், தார்ப்பாய் மாதிரிச் சரக்கைக் கரைப்பானில் போட்டால் பிவிசி மட்டும் கரையும், நூல் கரையாது. வடிகட்டி நூலை எடுத்துவிட்டு, கரைசலிலிருந்து பிவிசியைத் திரும்ப எடுத்தார்கள். தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனாலும் 2018-ல் மூடிவிட்டார்கள். பழைய தாளில் இருந்த பிளாஸ்டிசைசரும் பிவிசியோடு சேர்ந்தே வந்தது, ஐரோப்பாவில் அந்த வகைப் பிளாஸ்டிசைசருக்குக் கட்டுப்பாடு இறுகியது. பிரித்தெடுத்த நல்ல பிவிசியை விற்க முடியாமல் போயிற்று.

நம் ஊரில் நடைமுறையில் இருப்பது அரவை. தாளை வெட்டி, கிரைண்டரில் அரைத்து, காற்றடித்து லேசான நூல் பஞ்சைப் பிரிப்பார்கள். கனமான பிவிசித் தூள் கீழே விழும். அதிலும் கொஞ்சம் நூல் தங்கும். அதனால் மெல்லிய பொருள் எதுவும் செய்ய முடியாது, அழுத்தி வார்க்கும் மிதியடி, தடித்த தரைத் தகடு மாதிரி ஆகும். விலை குறைவு. அதனால் அரவைக்காரர் டன் கணக்கில், காய்ந்த, மண் இல்லாத, சாதாரணம் தனி பிளாக்பேக் தனி என்று பிரித்த சரக்கைத்தான் கேட்பார். உங்கள் 270 கிலோவுக்கு லாரி வாடகைகூடக் கட்டாது. மாவட்டத்தில் எல்லாப் பேரூராட்சியும் ஒரே இடத்தில் சேர்த்தால்தான் பேச முடியும்.

யாராவது "எப்படி இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன், நனைந்ததும் பரவாயில்லை" என்று வந்தால் உஷாராக இருங்கள். அரைப்பவருக்கு ஈரம் ஆகாது, மண் கத்தியைத் தின்னும். இரண்டையும் பொருட்படுத்தாதவர் அநேகமாக எரிக்கத்தான் கொண்டுபோகிறார். பிரித்த நூல் பஞ்சை என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். உண்மையில் அரைப்பவர் என்றால் அந்தப் பஞ்சு அவருக்குப் பெரிய தலைவலி, உடனே புலம்ப ஆரம்பிப்பார். செங்கல் சூளைக்கோ கொதிகலனுக்கோ போகிறவருக்குக் கேள்வியே புரியாது.

---

பாலக்காட்டுத் தமிழன்

கேரளத்தில் 2019-லேயே பிவிசி பிளெக்ஸைத் தடை செய்தார்கள். இப்போது இங்கே தேர்தலுக்குப் பருத்தித் துணியும் பாலித்தீன் ஷீட்டும்தான். பாலித்தீனில் நூல் கிடையாது, ஒரே பொருள், திரும்ப உருக்கலாம். அச்சு கொஞ்சம் மங்கல், வளைந்து தொங்கும், ஆனால் ஓட்டு கேட்க அது போதும். பருத்தி என்று சொல்லிப் பின்னால் பிளாஸ்டிக் பூசிய துணியும் வந்தது, அதனால் கையில் எடுத்துப் பார்க்காமல் நம்ப முடியாது.

ஒரு சந்தேகம். மத்திய அரசு 2022 ஜூலை 1-லிருந்து பிவிசி பேனரைத் தடை செய்துவிட்டதே? உங்கள் ஊரில் எப்படி இவ்வளவு அச்சடித்தார்கள்?

---

ரீப்பர்கட்டை

அண்ணே, அந்தத் தடை 100 மைக்ரானுக்குக் குறைவான பேனருக்கு மட்டும். எங்கள் கடைக்கு வருகிற மிக மெலிந்த பிளெக்ஸே அதைப்போல இரண்டு மடங்குக்குமேல் தடிமன். அதனால் எங்கள் ரோல் எதுவும் அந்தச் சட்டத்தில் மாட்டவில்லை. பாலித்தீன் ரோல் கேட்டு வருகிற கட்சிக்காரர் எங்கள் பக்கம் இதுவரை ஒருவரும் இல்லை. வேட்பாளர் செலவுக் கணக்கில் பிளெக்ஸுக்கு மாவட்டத்தில் சதுர அடி ரேட் போட்டு வைத்திருக்கிறார்கள், எங்களிடம் வருபவர்கள் அந்த ரேட்டைத்தான் பார்க்கிறார்கள்.

ஒன்று செய்யலாம். 127ஏ-படி அச்சிட்டவர் பெயர் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. பேரூராட்சி கழற்றும்போதே பெயர்வாரியாக எண்ணி எழுதி வைத்தால், அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் அச்சகத்தையும் கட்சியையும் உட்காரவைத்துப் பேச ஒரு கணக்காவது இருக்கும். நான் என் கடைப் பெயரில் வந்ததைத் திரும்ப எடுக்கத் தயார். எல்லாரும் தயார் என்றால்தான் நான் மட்டும் நஷ்டப்பட மாட்டேன்.

---

தினத்தாள்

போஸ்டர் மூட்டை பற்றி யாரும் சொல்லவில்லை. ஒட்டாமல் கட்டுக் கட்டாக மிஞ்சியதைப் பழைய பேப்பர் கடையில் எடுப்பார்கள், பளபளப்புப் படலம் ஒட்டாத தாளாக இருந்தால். சுவரிலிருந்து உரித்தது மைதாப் பசையும் சுண்ணாம்பும் சேர்ந்து அட்டைபோல் இருக்கும், அதை எடுக்க மாட்டார்கள். அதை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். பசைக்காக மாடு தாளோடு தின்னும்.

---

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. இன்று பெண்களோடு உட்கார்ந்து பேசிப் பிரிக்க ஆரம்பித்துவிட்டோம். முழுசாக இருக்கிற பெரிய தாள், பிளாக்பேக், பைக்கு வெட்டக்கூடியது, நனைந்தது என்று நாலு குவியல். சாமான் பை மட்டும் இருநூறு தைத்துப் பார்க்கப் போகிறோம், அதற்குமேல் ஆர்டர் வந்தால்தான். முழுத் தாளை ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு, ஓட்டுக்கு அடியில் போட மட்டும், தானியம் காயவைக்க வேண்டாம் என்று சொல்லியே கொடுக்கிறோம். ரோட்டுக்கும் சிமெண்ட் ஆலைக்கும் போகாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்.

நனைந்த குவியல்தான் புரியவில்லை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். குப்பை மேட்டில் கொட்டச் சொல்கிறார்கள். அங்கே யாராவது தீ வைத்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

---

உருக்குப்பட்டறை

அந்தப் பயம் நியாயமானது. திறந்த தீயில் பிவிசி எரிந்தால் அமில ஆவியோடு டையாக்சினும் வரும். மேட்டில் மற்ற குப்பையோடு கலந்து கொட்ட விடாதீர்கள். வெயில் நாளில் கம்பியில் தொங்கவிட்டுக் காயவையுங்கள், காய்ந்ததும் உதறினால் சேறு பெரும்பாலும் போய்விடும். சாக்கில் அமுக்கிக் கட்டி, மேலே பிவிசி பிளெக்ஸ் என்று எழுதி, கூரைக்கு அடியில் வையுங்கள். 90 கிலோதான், ஒரு மூலைக்கு அடங்கும். மாவட்டத்தில் சேர்த்து அனுப்ப வழி வந்தால் அதோடு போகும். வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

---

கோழிப்பண்ணை

அக்கா, பிளாக்பேக் குவியலில் எத்தனை தேறும்? பக்கவாட்டுக்கு வேண்டாம், தீவன அறைக்கு வெளியே விறகும் ரீப்பரும் அடுக்கிய இடத்துக்கு மேலே போட எட்டு வேண்டும். ஓரத்தை நானே சொல்யூஷன் போட்டு மடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு முட்டை வண்டி வருகிறது, திரும்பும்போது எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

---

வைகைக்கரை

பதினொன்று இருக்கிறது அண்ணே. இரண்டில் நகத்தால் சுரண்டினால் மாவு வருகிறது, அதைத் தர மாட்டேன். மீதி ஒன்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குமேல் கிடங்கில் ஆள் இருப்போம்.